நண்டு சூடா, குளிர்ச்சியா?

தேக்கா ஈரச்சந்தையில் ஒரே கடையில் இரண்டு பாட்டிகள் நண்டு வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்ப் பாட்டி, "நண்டு சூடு, சளிக்கு நல்லது" என்று சொல்லி மிளகு தட்டிப்போட்டு ரசம் வைப்பார். சீனப் பாட்டிக்கோ நண்டு மிகவும் குளிர்ச்சியான உணவு. அந்தக் குளிர்ச்சியை முறிக்க அவர் இஞ்சி சேர்த்துச் சமைப்பார். நண்டு ஒன்றுதான். ஆனால் இருவரும் நேர்மாறாகச் சொல்கிறார்கள். வெப்பமானியை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியுமா?

முதலில் சொல்லைப் பார்ப்போம். உங்கள் சீன நண்பர்கள் "ஷாங் ஹுவோ" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். "ஷாங்" என்றால் மேலே ஏறுதல், "ஹுவோ" என்றால் நெருப்பு. உடம்பில் நெருப்பு ஏறிவிட்டது என்று பொருள். சிங்கப்பூர் பேச்சில் அதுவே "ஹீட்டி" ஆகிவிட்டது. வாய்ப்புண், தொண்டை வலி, முகப்பரு, மலச்சிக்கல், மூக்கில் இரத்தம் வடிதல் எல்லாமே இந்த ஒரே பெயருக்குள் அடங்கிவிடும். நம் வீட்டில் "சூடு பிடிச்சுக்கிச்சு" என்பதும் ஏறக்குறைய இதேதான்.

இங்கே சொல்லப்படும் நெருப்பு வெப்பநிலை அல்ல. ஆவி பறக்கக் குடிக்கும் சாமந்திப்பூத் தேநீர் சீனர்களுக்குக் குளிர்ச்சி. பொட்டலத்தில் ஆறிக்கிடக்கும் வறுத்த வேர்க்கடலை சூடு. சீன மருத்துவ நூல்கள் உணவுகளை வெப்பம், மிதவெப்பம், மிதக்குளிர்ச்சி, குளிர்ச்சி என்று பிரிக்கின்றன. எதிலும் சேராதவற்றைச் சமநிலை என்கின்றன. உணவைத் தொட்டுப் பார்த்துச் செய்த பிரிவினை இல்லை இது. அதைச் சாப்பிட்டவருக்கு என்ன ஆகும் என்று நம்பினார்களோ, அதை வைத்துச் செய்த பிரிவினை.

"ஆனால் டுரியான் சாப்பிட்டால் எனக்கு உண்மையாகவே உடம்பு சூடாகிறதே!" என்று வகுப்பில் யாராவது ஒருவர் கேட்காமல் இருக்க மாட்டார். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

டுரியான் சதை 100 கிராமில் ஏறத்தாழ 147 கிலோகலோரி ஆற்றல் உண்டு. 300 கிராம் சாப்பிட்டால் சுமார் 440. எந்த உணவைச் சாப்பிட்டாலும் அதைச் செரித்துச் சேமிக்கும் வேலையில் ஒரு பங்கு ஆற்றல் வெப்பமாக வெளிவரும். கலப்பு உணவுக்கு அது தோராயமாகப் பத்தில் ஒரு பங்கு. டுரியானுக்கும் அப்படியே வைத்துக்கொண்டால் 44 கிலோகலோரி. மனித உடம்பில் ஒரு கிலோவை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்க ஏறக்குறைய 0.83 கிலோகலோரி வேண்டும். 50 கிலோ எடையுள்ள மாணவருக்கு 41.5. ஆக, அந்த வெப்பம் துளியும் வெளியேறாமல் உள்ளேயே தங்கினால் உடல் வெப்பநிலை ஒரு டிகிரி ஏறும்.

ஆனால் அது தங்குவதில்லை. அந்த வெப்பம் ஒரே நேரத்தில் வராமல் சில மணி நேரத்தில் சிறுகச் சிறுக வருகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அந்த மாணவரின் உடம்பு மணிக்கு 60 கிலோகலோரி அளவில் வெப்பத்தை உண்டாக்கி வெளியேற்றிக்கொண்டுதான் இருக்கிறது. கூடுதலாக வருவதைச் சமாளிக்கத் தோலுக்குப் போகும் இரத்தம் சற்று அதிகமாகும், கொஞ்சம் வியர்க்கும். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 0.58 கிலோகலோரியை எடுத்துச் செல்லும். 44 கிலோகலோரிக்கு 76 கிராம் வியர்வை போதும், அதாவது அரைக் குவளைக்கும் குறைவு. (நம் ஊர் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் காயாது என்பது வேறு தொல்லை.) முகம் சிவந்து வெதுவெதுப்பாக உணர்கிறீர்களே, அது வெப்பம் வெளியே போகும் அடையாளம். நீங்கள் உணர்வது பொய்யல்ல. ஆனால் அந்நேரத்தில் உள்வெப்பநிலை பெரிதாக மாறியிருக்காது. வீட்டில் அளந்து பார்ப்பதென்றால், சாப்பிட்ட உடனே வாயில் வெப்பமானியை வைக்காதீர்கள். வாய் பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி நேரம் விடுங்கள். காலைக்கும் மாலைக்குமே அரை டிகிரி வித்தியாசம் இயல்பாக இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆகவே நண்டு வழக்கை வெப்பமானி தீர்க்காது. இரண்டு பாட்டிகளும் பேசுவது வெப்பநிலையைப் பற்றியே இல்லை.

அப்படியானால் குளிர்ச்சியான பானம் குடித்ததும் வாய்ப்புண் ஆறுவது எப்படி? சாதாரண வாய்ப்புண் எதுவும் செய்யாவிட்டாலும் ஓரிரு வாரங்களில் தானே ஆறிவிடும். வலி உச்சத்தில் இருக்கும் நாளில்தான் நாம் மூலிகைத் தேநீர்க் கடைக்குப் போவோம். அதற்குப் பிறகு வலி குறையத்தானே செய்யும்? பெயரைத் தேநீர் தட்டிக்கொண்டு போய்விடுகிறது. உண்மையைக் கண்டறிய வேண்டுமானால், வாய்ப்புண் உள்ள பலரைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு குழுவுக்கு அந்தத் தேநீர், மற்றதற்கு அதே நிறம், அதே கசப்பு உள்ள வேறு பானம். யாருக்கு எது என்று குடிப்பவருக்கும் தெரியக்கூடாது, புண்ணைப் பார்த்து நாள்களை எண்ணுபவருக்கும் தெரியக்கூடாது. இரண்டு வாரங்கள் தாண்டியும் ஆறாத புண்ணுக்குத் தேநீர் வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

குளிர்ச்சி என்ற சொல் வெப்பநிலையைக் குறிக்காது என்பதால் அந்த மூலிகைகள் வெறும் கசப்புத் தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது. ஹுவாங்லியன் என்ற மஞ்சள் நிறக் கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். நெருப்பைத் தணிக்கும் மூலிகைகளில் மிகவும் பெயர்பெற்றது, கடுங்கசப்பு. அதிலுள்ள பெர்பெரின் என்ற வேதிப்பொருள் நம் நாட்டுமருந்துக் கடைகளில் கிடைக்கும் மரமஞ்சளிலும் உண்டு. பிறந்த குழந்தையின் உடம்பில் கருப்பையிலிருந்து வந்த சூடு தங்கியிருக்கும் என்று கருதி, சில சீனக் குடும்பங்கள் பச்சிளங்குழந்தைக்கே இதைக் கொடுத்துவந்தன.

சிக்கல் அங்கேதான் வந்தது. ஜி6பிடி என்ற நொதி சிவப்பணுக்களைப் பாதுகாக்கிறது. அது குறைவாக உள்ள குழந்தைகளுக்குச் சிவப்பணுக்கள் எளிதில் உடையும். உடைந்தால் பிலிருபின் என்ற மஞ்சள் கழிவு இரத்தத்தில் கூடும். பிறந்த குழந்தையின் கல்லீரலால் அதை விரைவாக அகற்ற முடியாது. வழக்கமாக இரத்தப் புரதமான அல்புமின் பிலிருபினைப் பிடித்து வைத்திருக்கும். அந்தப் பிடியிலிருந்து பிலிருபினைப் பெர்பெரின் தள்ளிவிடக்கூடும் என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின. பிடி விட்ட பிலிருபின் மூளைக்குள் புகுந்தால் நிரந்தரச் சேதம், சில சமயம் மரணம்.

சிங்கப்பூர் 1965 முதல் தொப்புள்கொடி இரத்தத்தில் இந்த நொதியைச் சோதித்துவருகிறது. குழந்தைகளின் கடும் மஞ்சள்காமாலையோடு தொடர்புபடுத்தப்பட்டதால் 1978ல் ஹுவாங்லியன் தடை செய்யப்பட்டது. பிறகு சான்றுகளை மீண்டும் ஆராய்ந்து, 2013ல் தயார்நிலைச் சீன மருந்துகளுக்கும் 2016ல் மூலிகைகளுக்கும் தடை படிப்படியாக நீக்கப்பட்டது. பச்சிளங்குழந்தைகளுக்கு இது கூடாது என்ற எச்சரிக்கை மட்டும் அப்படியே இருக்கிறது.

நீங்கள் இங்கே பிறந்தவராக இருந்தால், அம்மா பத்திரப்படுத்தி வைத்திருக்கும் உங்கள் சுகாதாரப் புத்தகத்தின் முதல் சில பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். பிறந்த அன்று எடுத்த ஜி6பிடி சோதனையின் முடிவு அதில் இருக்கும். குறைபாடு என்று இருந்தால், பாச்சை உருண்டையிலிருந்தும் மருத்துவர் சொல்லும் சில மருந்துகளிலிருந்தும் மட்டுமல்ல, பக்கத்து வீட்டார் அன்போடு கொடுக்கும் குளிர்ச்சிக் கஷாயத்திலிருந்தும் விலகி நிற்க வேண்டும், அதில் என்ன மூலிகை இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரை.