இன்டர்ன்ஷிப்புக்கு லீவு கேட்கும் முன் ஒரு கணக்கு

பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவிக்குக் கோவையில் ஒரு பம்ப் தயாரிப்பு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரி 3 முதல் 28 வரை, சனி ஞாயிறு போக 20 வேலைநாட்கள். ஆனால் அப்போது செமஸ்டர் நடந்துகொண்டிருக்கும். துறைத் தலைவருக்குக் கடிதம் எழுத வேண்டும். பெரும்பாலானவர்கள் முதலில் எழுதுவது, 'இது எனக்கு அரிய வாய்ப்பு' என்ற வரியைத்தான். அதைப் படிக்கும் பேராசிரியரின் மனதில் ஓடுவதோ வருகைப் பதிவேடு.

அண்ணா பல்கலைக்கழக விதிப்படி, செமஸ்டர் தேர்வு எழுதக் குறைந்தது 75 சதவீத வருகை வேண்டும். 65-க்கும் 75-க்கும் இடையில் இருப்பவர்களுக்குத் தரும் சலுகை, நீண்ட நாள் சிகிச்சை, விளையாட்டுப் போட்டி போன்ற காரணங்களுக்கானது. இன்டர்ன்ஷிப்புக்குப் போனேன் என்று அந்தச் சலுகையை நம்பியிருக்க முடியாது.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். செமஸ்டரில் 75 வேலைநாட்கள் என்றால், 20 நாள் போனால் மிச்சம் 55. அது 73.3 சதவீதம். மற்ற நாளெல்லாம் தவறாமல் வந்தாலும் தேர்வு எழுத முடியாது. நிறுவனத்திடம் பேசி 18 நாளாகக் குறைத்தால் 76 சதவீதம் தேறும். ஆனால் அதன்பின் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தாலும் 74.7-க்கு இறங்கிவிடும். பாடவாரியாக வருகை பார்க்கும் தன்னாட்சிக் கல்லூரி என்றால், கணக்கையும் பாடம் பாடமாகப் போட வேண்டும்.

ஆகவே அந்த மாணவி கேட்க வேண்டியது லீவு அல்ல, ஓ.டி. கல்லூரி அனுமதியோடு வெளியே போகும் நாட்களை வந்த நாட்களாகவே பதிவு செய்வதுதான் 'ஆன் டியூட்டி'. எத்தனை நாள் வரை தருவார்கள் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். கடிதம் எழுதும் முன்பே வகுப்பு ஆலோசகரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்த கேள்வி, விட்டுப்போகும் பாடம். தியரி வகுப்புக்கு நண்பரின் நோட்டு போதும். லேப் அப்படியில்லை. கருவியில் அளவெடுத்து, அப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்து வாங்கினால்தான் ரெக்கார்டு எழுத முடியும். அந்தப் பரிசோதனைக்கான மதிப்பெண்ணும் இன்டர்னலில் சேரும். அதே நாட்களில் இன்டர்னல் தேர்வு வந்தால் சிக்கல் இரட்டிப்பு. இவற்றுக்கு வழி சொல்லும் கடிதம்தான் மேசையில் நகரும்.

கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

"பொருள்: இன்டர்ன்ஷிப்புக்கு 20 நாள் ஓ.டி. வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா, பிப்ரவரி 3 முதல் 28 வரை இன்டர்ன்ஷிப் பயிற்சிக்குத் தேர்வாகியுள்ளேன். நிறுவனத்தின் அனுமதிக் கடிதத்தை இணைத்துள்ளேன். இன்று வரை என் வருகை 96 சதவீதம். இந்த நாட்களில் செவ்வாய்க்கிழமை லேப் நான்கு வகுப்புகள் விட்டுப்போகும். மார்ச் மாதம் வேறு பிரிவினருடன் சேர்ந்து அவற்றை முடிக்க, லேப் பொறுப்பாசிரியர் இசைந்துள்ளார். 17-ம் தேதி நடக்கும் இன்டர்னல் தேர்வுக்கு மட்டும் நேரில் வந்துவிடுகிறேன். அன்றைக்கு நிறுவனம் அனுமதி தந்துள்ளது. பயிற்சி முடிந்த ஒரு வாரத்துக்குள் சான்றிதழையும் அறிக்கையையும் ஒப்படைக்கிறேன்."

இதில் வேண்டுகோளை விடத் தகவலே அதிகம். லேப் ஆசிரியரிடமும் நிறுவனத்திடமும் முன்கூட்டியே பேசியிருப்பதால், 'யோசித்துச் சொல்கிறேன்' என்று துறைத் தலைவர் தள்ளிப்போட வேண்டிய கேள்வி அதிகம் மிஞ்சாது. நிறுவனத்தின் கடிதத்தில் முகவரியும் பொறுப்பாளரின் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். இன்டர்ன்ஷிப் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனவர்களையும் பார்த்த துறைகள், போன் செய்து விசாரிப்பதுண்டு.

கடிதம் வகுப்பு ஆலோசகர், துறைத் தலைவர், முதல்வர் என்று வரிசையாகக் கையெழுத்தாகிப் போகும். நடுவில் யாராவது வெளியூர் போனால் அங்கேயே தங்கிவிடும். குறைந்தது இரண்டு வாரம் முன்பே கொடுப்பது நல்லது. போய்வந்த பிறகு ஓ.டி. கேட்டால், நியாயமான காரணத்துக்கும் மறுப்பு வரலாம்.

கையெழுத்து வாங்கியதும் வேலை முடிந்துவிடாது. பல கல்லூரிகளில் வருகையைப் பதிவது அந்தந்தப் பாட ஆசிரியர். துறைத் தலைவர் அனுமதித்தது அவருக்குத் தெரியாவிட்டால் 'ஆப்சென்ட்' என்றே விழும். செமஸ்டர் முடிவில் வருகைக் குறைவுப் பட்டியலில் பெயர் வந்த பின்புதான் அது தெரியவரும். அனுமதிக் கடிதத்தின் ஜெராக்ஸை ஒவ்வொரு பாட ஆசிரியரிடமும் கொடுத்துவிட்டு, திரும்பி வந்த வாரமே தன் பதிவைச் சரிபார்த்துவிட வேண்டும்.

20 நாளும் தர முடியாது என்று துறை சொன்னால், கிடைக்கும் ஓ.டி. நாட்களோடு முதல் பகுதியை முடித்துவிட்டு, மீதியைச் செமஸ்டர் விடுமுறையில் தொடரலாமா என்று நிறுவனத்திடம் கேட்கலாம். அதற்கும் வழியில்லை என்றால், லீவு போட்டுப் போகும் முன் மேலே போட்ட கணக்கை இன்னொரு முறை போட்டுப் பார்க்க வேண்டும்.