கேட்பவர் யார்? கொரிய வினைச்சொல்லின் முதல் கேள்வி

கொரியத் தொடர்களில் நேற்று வரை பணிவாகப் பேசிய இருவர் திடீரென 'யோ'வை விட்டுவிட்டுப் பேசினால் ரசிகர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். உறவு மாறிவிட்டது என்பதை அந்த ஓர் அசை சொல்லிவிடும்.

'போகிறேன்' என்பதை நண்பனிடம் 'கா' என்று முடிக்கலாம். கடைக்காரர், அலுவலகத்தார், முன்பின் தெரியாதவர் என்றால் 'காயோ'. செய்தி வாசிப்பிலும் நேர்முகத் தேர்விலும் 'காம்னிதா'. செய்தி ஒன்றுதான், கேட்பவருக்கேற்ப விகுதி மாறுகிறது. யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

பேசப்படுபவருக்குரிய மரியாதையை 'ஷி' என்ற இடைச்சொல் தருகிறது. 'பாட்டி கிளம்பிட்டாங்க' என்று நாம் சொல்லும்போது தருகிற மரியாதை இதுதான். கேட்பவருக்காக விகுதி சேர்ப்பதும் நமக்குப் புதிதல்ல. கொங்கு நாட்டில் 'வர்றேனுங்க' என்பார்களே, அந்த 'ங்க' எதிரில் நிற்பவருக்கானது. கொரிய மொழியில் இந்த இரண்டும் தனித்தனியே இயங்குகின்றன.

ஒரு வீட்டைப் பார்ப்போம். பாட்டி போய்விட்டார். அக்கா அதைத் தம்பியிடம் சொல்கிறாள்: 'ஹால்மொனி காஷ்யொஸ்ஸொ'. பாட்டிக்காக 'ஷி' உண்டு. கேட்பவன் தம்பி என்பதால் 'யோ' இல்லை. அதையே பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சொன்னால் 'காஷ்யொஸ்ஸொயோ', இரண்டும் உண்டு. தம்பி போய்விட்டதை அந்தப் பெரியவரிடம் சொன்னால் 'காஸ்ஸொயோ'. கேட்பவருக்கு 'யோ' உண்டு, தம்பிக்கு 'ஷி' இல்லை. நண்பன் போனதைத் தம்பியிடம் சொன்னால் வெறும் 'காஸ்ஸொ'. இந்த நான்கும் பிடிபட்டால் பெரும்பகுதி புரிந்துவிட்டது.

தவறுகளும் இங்கேதான் பிறக்கின்றன. மரியாதை அதிகமாக இருக்கட்டும் என்று தன்னைப் பற்றிப் பேசும்போதும் 'ஷி' சேர்ப்பவர்கள் உண்டு. தனக்குத் தானே மரியாதை கொடுத்துக்கொள்வதால் அது பிழை. கொரியர்களே இதில் சறுக்குகிறார்கள். காபிக் கடைகளில் வாடிக்கையாளரை மதிப்பதாக எண்ணி, காபி 'வந்திருக்கிறார்' என்ற பொருள்படச் சொல்வது பரவிவிட்டது. மரியாதை காபிக்குப் போய்ச் சேருகிறது என்று மொழி அறிஞர்கள் இதைத் தொடர்ந்து கண்டித்து வருகிறார்கள். அவர்கள் சொல்வது சரி என்றே நானும் நினைக்கிறேன்.

'யோ'வை விடுவதற்கும் முறை இருக்கிறது. பொதுவாக மூத்தவர்தான் 'இனி சாதாரணமாகப் பேசலாம்' என்று தொடங்குவார், அல்லது இளையவர் 'என்னிடம் சாதாரணமாகப் பேசுங்கள்' என்று மூத்தவரைக் கேட்டுக்கொள்வார். மூத்தவரிடம் இளையவர் தானாகவே 'யோ'வை விட்டால் அது சண்டைக்கு அழைப்பது போலாகும். அறிமுகமானதும் வயதைக் கேட்பது அங்கே வழக்கமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொடர் பார்த்துக் கொரியம் கற்பவர்களின் காதில் அதிகம் விழுவது காதலரும் நண்பரும் பேசும் 'யோ' இல்லாத பேச்சு. அதை அப்படியே சியோலில் கடைக்காரரிடம் பேசிவிடாதீர்கள். எதிரில் இருப்பவர் உங்களைவிட இளையவராகத் தெரிந்தாலும், வளர்ந்தவர் என்றால் 'யோ' சேர்த்தே தொடங்குங்கள்.