ஒரு பிழையைத் திருத்த, புதுப்பிழை நுழையாமல்

புத்தகம் வெளிவந்த பிறகு கண்ணில் படும் எழுத்துப்பிழையை இன்று திருத்திவிட முடியும். மின்நூலிலும், தேவைக்கேற்ப அச்சிடும் முறையிலும் கோப்பை மாற்றினால் அடுத்த பிரதி சரியாக வரும். ஆனால் அவசரமாகத் திருத்தினால் ஒரு பிழை போய் இரண்டு பிழை வந்து சேரும்.

ஒரு நாவலை எடுத்துக்கொள்வோம். எழுதும்போது ‘பாரி’ என்றிருந்த பாத்திரத்தை ஆசிரியர் பாதியில் ‘மாரி’ என மாற்றிவிட்டார். ஆனால் ஐந்து இடங்களில் பழைய பெயர் அப்படியே அச்சாகிவிட்டது. ‘எல்லாவற்றையும் மாற்று’ என்று கணினிக்குக் கட்டளையிட்டால் ஐந்து இடமும் சரியாகும். கூடவே, கதையில் வரும் ‘வியாபாரி’ எல்லாம் ‘வியாமாரி’ ஆகிவிடுவார். ஆகவே ஒவ்வொன்றாகத் தேடி, வரியைப் படித்துப் பார்த்தே மாற்ற வேண்டும்.

தேடலிலும் ஒரு பொறி உண்டு. சில கோப்புகளில் ‘ொ’ என்பது ஒரே குறியாக இல்லாமல் ‘ெ’, ‘ா’ என இரண்டு குறிகளாகப் பதிவாகியிருக்கும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. தேடலில் மட்டும் சிக்காமல் போகலாம். அப்படிப்பட்ட சொற்களை அந்தக் குறி இல்லாத பகுதியைக் கொண்டு தேடுவது நல்லது.

முதல் வேலை ஒரு பட்டியல்: பக்கம், வரி, இருப்பது, இருக்க வேண்டியது. அச்சுக்கோப்பு, மின்நூல் கோப்பு இரண்டையும் இந்த ஒரே பட்டியலை வைத்துத் திருத்த வேண்டும். வேர்டு கோப்பில் திருத்தி, பக்க வடிவமைப்பை மறுபடி முதலிலிருந்து செய்வது வீண் ஆபத்து. முன்பு கையால் சரிசெய்த வரிப்பிரிப்புகள் எல்லாம் கலைந்துவிடும். வடிவமைத்த கோப்பிலேயே அந்தந்தச் சொல்லை மட்டும் மாற்றுங்கள்.

அச்சில் கவனிக்க வேண்டியது வரி நகர்வு. ஒரு சொல் நீண்டால் பத்தி ஒரு வரி கூடலாம். அது அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தைத் தாண்டினால் புதுப் பக்கம் பிறக்கும். ஒவ்வொரு அத்தியாயமும் வலப்பக்கத்தில் தொடங்கும் நூலென்றால் அதையொட்டி ஒரு வெற்றுப் பக்கமும் சேரக்கூடும். பொருளடக்க எண்கள் தவறாகிவிடும், முதுகின் அகலமும் மாறும். அமேசானின் கணக்கில் கிரீம் தாள் ஒரு பக்கத்துக்கு 0.0025 அங்குலம். 2 பக்கம் கூடினால் கண்ணுக்குத் தெரியாது. 20 பக்கம் கூடினால் முதுகு 1.27 மில்லிமீட்டர் தடித்து, அட்டையில் உள்ள தலைப்பு நடுவிலிருந்து விலகும். அப்போது அட்டைக் கோப்பையும் மாற்றியாக வேண்டும். எனவே திருத்தத்தை அந்தப் பத்திக்குள்ளேயே அடக்கப் பாருங்கள்.

பிறகு பழைய பி.டி.எஃப். கோப்பையும் புதியதையும் ஒப்பிட வேண்டும். தமிழ் பி.டி.எஃப்.களில் எழுத்தைப் பிரித்தெடுத்தால் பெரும்பாலும் குழம்பியே வரும் என்பதால், பக்கங்களைப் படமாக ஒப்பிடும் இலவச மென்பொருள் உதவும்:

```
diff-pdf --view pazhaya.pdf puthiya.pdf
```

பட்டியலில் உள்ள ஐந்து இடங்களில் மட்டும் வேறுபாடு தெரிந்தால் திருத்தம் சுத்தம். ஆறாவதாக ஒரு பக்கம் மாறியிருந்தால், ஏன் என்று தெரியாமல் பதிவேற்றக் கூடாது.

கிண்டிலில் பதிவேற்றுவதற்குப் புதிதாக ஒரு நூலைத் தொடங்கக் கூடாது. அப்படிச் செய்தால் அது வேறொரு நூலாகிவிடும். வாசகர் எழுதிய மதிப்புரைகள் பழைய பக்கத்திலேயே தங்கிவிடக்கூடும். இருக்கும் நூலைத் திறந்து கோப்பை மட்டும் மாற்றி, முன்னோட்டத்தில் திருத்திய இடங்களைப் பார்த்து, கடைசிப் பக்கம்வரை சென்று வெளியிடும் பொத்தானை அழுத்த வேண்டும். அதை அழுத்தாவிட்டால் திருத்தம் வரைவாகவே கிடக்கும். பரிசீலனைக்கு 72 மணி நேரம்வரை ஆகலாம். அதுவரை பழைய கோப்பே விற்பனையில் இருக்கும்.

எழுத்துப்பிழை திருத்தத்துக்குப் புது ஐ.எஸ்.பி.என். தேவையில்லை. உள்ளடக்கம் கணிசமாக மாறினால்தான் புதிய பதிப்பு, புதிய எண். ஆனால் பதிப்புரிமைப் பக்கத்தில் ‘திருத்திய அச்சு’ என்று மாதமும் ஆண்டும் சேர்த்துவிடுங்கள். கையிலிருப்பது எந்தப் பிரதி என்று பின்னால் அதை வைத்துத்தான் சொல்ல முடியும். ஒப்பீட்டில் இந்தப் பக்கமும் மாறியதாகத் தெரியும் என்பதால் அதையும் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் நிலை என்ன? கிண்டில் வாசகரின் கருவியில் உள்ள நூல் தானாக மாறிவிடும் என்று நம்பியிருக்க முடியாது. பிழை வாசிப்பைக் கெடுக்கும் அளவுக்கு இருந்தால், திருத்திய இடங்களைக் குறிப்பிட்டு அமேசானுக்கு எழுதிக் கேட்கலாம். அச்சிட்டு விற்ற பிரதிகளோ அப்படியேதான் இருக்கும். இனி அச்சாகும் பிரதி சரியாக வருகிறதா என்று அறிய ஒரே வழி, திருத்திய கோப்பிலிருந்து ஒரு பிரதியை வரவழைத்து, பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து இடங்களையும் புரட்டிப் பார்ப்பதுதான்.