எனவே எங்கே, எனினும் எங்கே? கட்டுரைத் தாளுக்கான தொடர்கள்

ஆந்திரப் பத்தாம் வகுப்புத் தேர்வில் தமிழை முதல் மொழியாக எழுதும் பிள்ளைகள் நகரி, சத்தியவேடு பக்கம் இன்றும் இருக்கிறார்கள். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கும் சத்தியவேடு ஆந்திரத்துக்கும் போனபோது எல்லை மாறியது. வீட்டுப் பேச்சு மாறவில்லை. தெருவிலும் கடையிலும் தெலுங்கு, வீட்டில் தமிழ் என்று வளரும் இவர்களுக்குச் செய்தி தெரியும், சொல்லும் தெரியும். தடுமாற்றம் வருவது ஒரு வாக்கியத்தை அடுத்த வாக்கியத்தோடு கோக்கும் இடத்தில்தான்.

நீர்நிலைகளைக் காப்பது பற்றி ஒரு மாணவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"2021 நவம்பரில் திருப்பதியில் பெருமழை பெய்தது. மற்றும் தெருக்களில் வெள்ளம் வந்தது. மற்றும் ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு ஏற்பட்டது. எனவே மழை இயற்கையின் கொடை. ஆனால் ஏரிகளைக் காக்க வேண்டும்."

செய்தியில் பிழையில்லை. ஆனாலும் படிப்பவருக்கு இடறுகிறது. தெலுங்கின் 'மரியு' தந்த பழக்கத்தில் வாக்கியத்தின் தலையிலேயே 'மற்றும்' வந்து உட்கார்ந்துவிட்டது. தமிழில் இரண்டு பெயர்களைச் சேர்க்க 'உம்' போதும்: ஏரிகளும் கால்வாய்களும். வாக்கியங்களைச் சேர்க்க மேலும், அதுமட்டுமன்றி, இதனுடன் என்பவை இருக்கின்றன. இவை ஒரே திசையில் போகும் கருத்துகளை மட்டுமே இணைக்கும். முதலில் நன்மையைச் சொல்லிவிட்டு 'மேலும்' போட்டுத் தீமைக்குத் தாவினால் திருத்துபவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

காரணமும் விளைவும் சொல்ல எனவே, ஆகவே, ஆதலால், இதன் விளைவாக ஆகியவை. இவற்றுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டாம் வாக்கியத்தைப் பார்த்து "ஏன்?" என்று கேளுங்கள், முதல் வாக்கியம் விடை தர வேண்டும். மழை ஏன் இயற்கையின் கொடை? ஏரிக்கரை கசிந்ததாலா? விடை பொருந்தவில்லை, ஆகவே அங்கே 'எனவே' நிற்காது.

மறுத்துச் சொல்வதில்தான் நுட்பம் அதிகம். 'ஆனால்' முன் சொன்னதற்கு எதிரான ஒன்றை நேராக வைக்கும். எனினும், ஆயினும், இருப்பினும் ஆகியவை முன் சொன்னதை ஒப்புக்கொண்டு, அதையும் மீறி நிற்பதைச் சொல்லும். 'மாறாக' வரவேண்டுமானால் முன் வாக்கியத்தில் ஒரு மறுப்பு இருப்பது நல்லது: "அவர்கள் ஏரியைத் தூர்வாரவில்லை, மாறாக, குப்பை கொட்டினார்கள்." இந்த மூன்று வகையின் வேறுபாட்டை அறிந்த மாணவரின் கட்டுரை தனியே தெரியும்.

சான்று காட்ட எடுத்துக்காட்டாக, சான்றாக என்று தொடங்கலாம். தொடங்கினால் அடுத்து ஓர் ஊரோ ஆண்டோ நிகழ்வோ வந்தாக வேண்டும். பொதுக்கருத்து வந்தால் அந்தச் சொல் வீண்.

மரபுத்தொடர்களையும் நோக்கம் பார்த்தே எடுக்க வேண்டும். வீண் முயற்சிக்கு விழலுக்கு இறைத்த நீர். நெருக்கத்துக்கு நகமும் சதையும் போல. அரிதாக நடப்பதற்கு அத்தி பூத்தாற்போல. வெளித்தெரியாத திறமைக்குக் குடத்துள் இட்ட விளக்கு, ஊரறிந்த புகழுக்குக் குன்றின் மேலிட்ட விளக்கு. மனத்தில் பதிவதற்குப் பசுமரத்தாணி போல. பாலம் உறுதியாக நிற்கிறது என்பதற்குப் 'பசுமரத்தாணி' எழுதுவது பிழை. 'மடைதிறந்த வெள்ளம் போல' என்பது தடையின்றி வரும் பேச்சுக்கு உரியது. உண்மையான வெள்ளத்தைப் பற்றி எழுதும்போது அதைப் போட்டால் உவமையே இல்லாமல் போகிறது. பத்திக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. அடுக்கிவைத்தால் மனப்பாடம் செய்தது அப்படியே தெரிந்துவிடும்.

இனி அந்தப் பத்தியைத் திருத்தி எழுதிப் பார்ப்போம்:

"2021 நவம்பரில் பெய்த பெருமழையில் திருப்பதியின் தெருக்களும் தாழ்வான குடியிருப்புகளும் நீரில் மூழ்கின. அதுமட்டுமன்றி, ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு ஏற்பட்டதால் அருகிலிருந்த ஊர்மக்கள் வெளியேற்றப்பட்டனர். மழை இயற்கையின் கொடைதான். எனினும், ஏரிகளையும் கால்வாய்களையும் பேணாத ஊரில் அதுவே பேரிடராகிறது. எனவே, கோடையிலேயே கரைகளைப் பலப்படுத்த வேண்டும்."

இதில் இணைப்புச் சொற்கள் மூன்றுதான். கரை கசிந்ததும் மக்கள் வெளியேறியதும் 'ஏற்பட்டதால்' என்ற சொல்லிலேயே இணைந்துவிட்டன; அங்கே தனியாக ஓர் 'ஆகவே' தேவைப்படவில்லை. ஆல், உம், செய்து, செய்தபோது என்று வினையோடும் பெயரோடும் ஒட்டியே கோப்பது தமிழின் இயல்பு என்பதால், தனிச்சொல்லைப் போடுமுன் அப்படி ஒட்டி எழுத முடியுமா என்று பார்த்துக்கொள்ளலாம். எனவே, எனினும் போன்றவற்றுக்குப் பின் காற்புள்ளி இடுங்கள்.

முடிவுரைக்குச் சுருங்கக்கூறின், இவற்றால் அறியலாவது, தொகுத்து நோக்கின் ஆகியவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதன்பின் புதிய கருத்து எதுவும் வரக்கூடாது. விட்டுப்போன கருத்து அப்போது நினைவுக்கு வந்தால், அதற்குரிய பத்தியின் கடைசியில் 'மேலும்' சேர்த்து எழுதிக்கொள்ள ஒவ்வொரு பத்திக்குக் கீழும் இரண்டு வரி இடம் விட்டு எழுதுங்கள்.