நீங்கள் எடுக்காத அழைப்பு எங்கே போகிறது?

ஏணி மேல் நின்று ஃபேன் மாட்டிக்கொண்டிருக்கும் எலக்ட்ரீஷியன் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சட்டைப்பையில் போன் அடிக்கிறது. கீழே இறங்கி எடுப்பதற்குள் மணி நின்றுவிடுகிறது. அந்தப் பக்கம் அழைத்தவருக்கோ அழைப்பு முடியவில்லை. பதிவு செய்த குரல் ஒன்று வந்து, பீப் ஒலிக்குப் பிறகு செய்தியைச் சொல்லச் சொல்கிறது. அழைத்தவர் வயதானவராக இருந்தால், யாரோ போனை எடுத்துவிட்டார்கள் என்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்று நாலு முறை கூப்பிட்டுப் பார்க்கிறார். பதில் இல்லை. அடுத்த எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டுவிடுகிறார். இவருக்கோ வாய்ஸ்மெயிலைத் திறந்து கேட்கும் பழக்கமே கிடையாது.

இந்தக் குரலை நிறுத்த நினைப்பவர்களில் பலர் முதலில் போனின் செட்டிங்ஸில் 'வாய்ஸ்மெயில் எண்' என்ற இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கிருக்கும் எண்ணை அழிப்பார்கள். அதனால் எதுவும் மாறாது. 1 என்ற பட்டனை அழுத்திப் பிடித்தால் எந்த எண்ணுக்குப் போக வேண்டும் என்பதற்காக மட்டுமே அது அங்கே இருக்கிறது. அழைப்பைத் திருப்பி விடும் உத்தரவு போனில் இல்லை. சிம் நிறுவனத்தின் கணினியில், உங்கள் எண்ணுக்கு எதிரே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. புதுப் போன் வாங்கினாலும், பழைய போனை ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் அந்தக் குரல் விடாமல் வருவது இதனால்தான்.

அங்கே மூன்று நிலைமைகளுக்குத் தனித்தனியாக உத்தரவு இருக்கும். மணி அடித்தும் எடுக்காவிட்டால் 61. வேறு அழைப்பில் இருந்தால், அல்லது வந்த அழைப்பைத் துண்டித்தால் 67. போன் அணைந்திருந்தால், டவர் கிடைக்காவிட்டால் 62. உலகெங்கும் ஜிஎஸ்எம் வழியில் வந்த நிறுவனங்களுக்கு இந்த எண்கள் பொது. வாய்ஸ்மெயில், மிஸ்டு கால் அலர்ட் இரண்டுமே இந்த உத்தரவுகளின் மேல்தான் நிற்கின்றன. அந்த எண்ணுக்கு நேரே வாய்ஸ்மெயில் கணினியின் எண்ணையோ, தவறிய அழைப்பைக் குறித்து எஸ்எம்எஸ் அனுப்பும் கணினியின் எண்ணையோ நிறுவனம் போட்டு வைத்திருக்கும்.

அழிப்பதற்கு முன் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கால் செய்யும் திரையில், எண் அடிப்பதுபோல இவற்றை ஒவ்வொன்றாக அடித்து அழைப்புப் பட்டனைத் தட்டினால் போதும்:

```
*#61#
*#67#
*#62#
```

இரண்டு சிம் போட்ட போனில் எந்த எண்ணைச் சரிபார்க்கிறோமோ அந்த சிம்மிலிருந்தே அனுப்ப வேண்டும். சில நொடிகளில் திரையில் பதில் வரும். ஐபோனில் Setting Interrogation Succeeded என்று தொடங்கி, Forwards to என்பதற்குக் கீழே ஓர் எண் தெரியும். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. நாளை இந்தச் சேவை திரும்ப வேண்டும் என்றால் அது தேவைப்படும். பிறகு, வேண்டாத உத்தரவை மட்டும் அழிக்கலாம்:

```
##61#
##67#
```

இதில் இரண்டு # போடுவதற்குக் காரணம் இருக்கிறது. #61# என்று ஒன்றை மட்டும் போட்டால் உத்தரவு தூங்கும். எண் அப்படியே இருக்கும். இரண்டு போட்டால் எண்ணோடு சேர்ந்து அழிந்துவிடும். ஐபோனில் Setting Erasure Succeeded என்று வந்தால் வேலை முடிந்தது.

62-ஐ மேலே சேர்க்காமல் விட்டது தெரிந்தேதான். அதையும் அழித்தால், போன் அணைந்திருந்த நேரத்தில் யார் யார் அழைத்தார்கள் என்று பிறகு எஸ்எம்எஸ் வருவதும் நின்று போகலாம். 61-இல் அந்த இழப்பு இல்லை. மணி அடித்த அழைப்பு போனிலேயே மிஸ்டு காலாகப் பதிவாகிவிடும். போன் அணைந்திருந்தால் போனுக்கு எதுவுமே தெரியாது. தொழில் செய்பவர்கள் 62-இல் மிஸ்டு கால் அலர்ட் இருந்தால் அதை வைத்துக்கொள்வதே நல்லது. எல்லாவற்றையும் ஒரே வீச்சில் துடைக்கும் ##002# என்ற குறியீடு பலருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால், கடை எண்ணிலிருந்து வீட்டு எண்ணுக்கு நீங்களே போட்டு வைத்த திருப்பலும் அதில் போய்விடும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. எல்லாவற்றையும் அழித்த பிறகும் அழைத்தவருக்கு, 'நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்' என்ற குரல் கேட்கும். அது வாய்ஸ்மெயில் அல்ல. அழைப்பை இணைக்க முடியாதபோது வலையமைப்பு சொல்லும் அறிவிப்பு. அதை வாடிக்கையாளர் நிறுத்த முடியாது. இரண்டையும் பிரித்தறிய அழைத்தவரின் திரையைப் பார்த்தால் போதும். குரல் கேட்கும்போது நேரம் ஓடாவிட்டால் அழைப்பு எடுக்கப்படவில்லை, காசும் போகாது. 00:01, 00:02 என்று ஓடத் தொடங்கினால் ஒரு கணினி அழைப்பை எடுத்துவிட்டது என்று பொருள்.

போன் கையிலேயே இருக்க, 'எல்லைக்கு வெளியே' என்று சொல்கிறதே என்ற புகாருக்குப் பெரும்பாலும் இரண்டாவது சிம்தான் காரணம். பல போன்களில் ஒரு சிம்மில் பேசிக்கொண்டிருக்கும்போது மற்ற சிம் வலையமைப்போடு பேச முடியாது. அந்த நேரத்தில் அந்த எண்ணுக்கு வரும் அழைப்பு, பிஸி என்ற 67-க்குப் போகாமல் 62-க்குப் போகிறது.

வெளிநாடு போகும்போது இந்த உத்தரவுகள் காசைக் கரைக்கும். சென்னை எண்ணோடு ஒருவர் பாரிஸில் இருக்கிறார். இந்தியாவிலிருந்து வரும் அழைப்பு பாரிஸ் வரை போய் மணி அடிக்கிறது. அவர் எடுக்காவிட்டால், 61-இன்படி அங்கிருந்து மறுபடி இந்திய வாய்ஸ்மெயிலுக்குத் திரும்புகிறது. ஒரே அழைப்பு இரண்டு முறை கடல் தாண்டுகிறது. பேசாத பேச்சுக்கு இரண்டு கட்டணமும் சிம்காரர் தலையில் விழ வாய்ப்புண்டு. ஐரோப்பிய ஒன்றியம் தன் நாடுகளுக்குள் ரோமிங்கில் இருப்பவருக்கு வாய்ஸ்மெயில் வந்து சேர்வதற்குக் கட்டணம் கூடாது என்று 2010 ஜூலை முதல் தடுத்தது. நம் சிம்முக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. விமானம் ஏறும் முன்பே இந்த உத்தரவுகளை அழித்துவிட வேண்டும்.

இந்தியாவில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. போனில் பேசி மக்களை ஏமாற்றி, அழைப்புகளைத் தங்கள் எண்ணுக்குத் திருப்பி, ஓடிபி-யைக் கேட்டுவிடும் மோசடி பெருகியதால், குறியீடு வழியாக அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. சில நிறுவனங்கள் தங்களுக்கென்று வேறு குறியீடுகளையும் வைத்திருக்கின்றன. அதனால் மேலே சொன்ன குறியீடு ஏதாவது வேலை செய்யாமல், ஆண்ட்ராய்டில் Connection problem or invalid MMI code என்று வரலாம். அப்போது போன் செட்டிங்ஸில் Call forwarding பகுதிக்குப் போய் அணைக்கலாம். அதுவும் நடக்காவிட்டால் 198-ஐ அழைத்து, மிஸ்டு கால் அலர்ட், வாய்ஸ்மெயில் இரண்டையும் பெயர் சொல்லி நிறுத்தச் சொல்லலாம்.

எல்லாம் முடிந்ததும் வேறு போனிலிருந்து உங்கள் எண்ணை அழைத்துப் பாருங்கள்: முதலில் எடுக்காமல் விட்டு, அடுத்து துண்டித்து. இரண்டு முறையும் அழைத்த போனில் நேரம் ஓடக் கூடாது. கையோடு *#21# என்பதையும் அடித்துவிடுங்கள். எல்லா அழைப்பையும் மணி அடிக்காமலே திருப்பிவிடும் உத்தரவு அது. அங்கே நீங்கள் போடாத எண் ஒன்று தெரிந்தால் ##21# அடித்து உடனே அழித்துவிட்டு, வங்கிக்கும் தகவல் சொல்லுங்கள்.