வைக்கத்தின் நான்கு வீதிகள்

கோயம்புத்தூரில் பிழைப்புக்காகத் தங்கியிருந்து, விடுமுறைக்கு ஆனைகட்டி வழியாய் அட்டப்பாடிக்கும் மண்ணார்க்காட்டுக்கும் பாலக்காட்டுக்கும் போய்வருகிற குடும்பங்கள் நம்மில் அநேகம். பேருந்து ஆனைகட்டியைத் தாண்டியதும் பெயர்ப்பலகைகளின் எழுத்து மாறிவிடுகிறது. மாநிலம் மாறிற்று என்று அறிந்துகொள்கிறோம். ஆனால் 1924ஆம் ஆண்டில் அங்கே அப்படியொரு எல்லை இருக்கவில்லை. கோயம்புத்தூரும் மலபார் ஜில்லாவைச் சேர்ந்த பாலக்காடும் ஒரே சென்னை மாகாணத்தின்கீழ் இருந்தன. தெற்கே திருவிதாங்கூர் மகாராஜாவின் தனி ராஜ்யமாய் இருந்தது. ஒரு மனிதன் பொதுச்சாலையில் நடக்கலாமா கூடாதா என்பது, அவன் பிறந்த ஜாதியையும் அவன் நின்ற மண்ணையும் பொறுத்ததாயிருந்த காலம் அது.

சென்னைச் சட்டசபையில் 1924இல் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலைகளிலும் பொதுக்கிணறுகளிலும் எந்த ஜாதியாரையும் தடுக்கலாகாது என்பதே அதன் சாரம். சபை அதை ஏற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் அரசு அதை ஆணையாகவும் வெளியிட்டது. இரண்டு மாதங்கள் கழித்து நவம்பரில் பாலக்காட்டுக் கல்பாத்தியில் தேர்த்திருவிழா நடந்தது. அரசாணையை நம்பி அக்கிரகாரத் தெருக்களுக்குள் சென்ற ஈழவர்கள் அடித்துத் துரத்தப்பட்டார்கள். சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் வழி திறக்கவில்லை. அதே ஆண்டில் திருவிதாங்கூரின் வைக்கத்தில் இதற்கு நேர்மாறான நிலை இருந்தது. அங்கே சட்டமே வழியை அடைத்திருந்தது. அந்த அடைப்பு எப்படித் தகர்ந்தது என்பதையே இக்கட்டுரையில் காண்போம்.

வைக்கம் மகாதேவர் ஆலயத்தைச் சுற்றி நான்கு பக்கமும் வீதிகள் உண்டு. அவை அரசாங்கப் பணத்தில் பராமரிக்கப்பட்ட பொதுவீதிகள். எனினும் ஈழவரும் புலையரும் இதற்குமேல் வரக்கூடாது என்று அறிவிக்கும் பலகைகள் அங்கே நடப்பட்டிருந்தன. மலையாளத்தில் அவற்றைத் தீண்டல் பலகை என்றார்கள். கிறிஸ்தவரும் முகமதியரும் அவ்வீதிகளில் தடையின்றி நடந்தார்கள். நேற்றுவரை பலகைக்கு இப்பால் நின்ற ஒரு புலையர் இன்று ஞானஸ்நானம் பெற்றால் நாளை அதே வீதியில் நடக்கலாம். நம்முடைய முன்னோரில் சிலருக்கு இதன் பொருள் நன்றாய்த் தெரிந்திருக்கும்.

1923 டிசம்பரில் காக்கிநாடா காங்கிரஸ் மாநாட்டில் ஈழவத் தலைவர் டி.கே.மாதவன் இவ்விஷயத்தை எழுப்பினார். கேரளக் காங்கிரஸ் ஒரு தீண்டாமை ஒழிப்புக் குழுவை நியமித்தது. ஆலயத்திற்குள் பிரவேசிக்க வேண்டும் என்று அவர்கள் அப்பொழுது கேட்கவில்லை. வீதியில் நடக்கும் உரிமையை மாத்திரம் கேட்டார்கள். கோரிக்கையை இவ்வளவு சிறிதாக்கியது கோழைத்தனம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். எனக்கோ அது அவர்களுடைய முதல் விவேகம் என்று தோன்றுகிறது. வரிப்பணத்தில் போட்ட பொதுவீதியை ஏன் மூடுகிறீர்கள் என்ற கேள்விக்கு ஆலய ஆசாரத்தைக் காட்டி எளிதில் பதில் சொல்ல முடியாது.

1924 மார்ச் 30ஆம் தேதி காலையில் மூன்று வாலிபர் புறப்பட்டார்கள். குஞ்ஞப்பி புலையர், பாகுலேயன் ஈழவர், கோவிந்தப் பணிக்கர் நாயர். பலகையண்டையில் போலீசார் அவர்களை நிறுத்தி ஜாதியைக் கேட்டார்கள். நாயருக்கு மாத்திரம் வழி உண்டு என்றார்கள். மூவரும் சேர்ந்தே போவோம் என்று அவர்கள் சொல்லவே, கைதுசெய்யப்பட்டுத் தண்டனை பெற்றார்கள். அடுத்த நாள் வேறு மூவர் வந்தார்கள். இப்படித் தினந்தோறும் மூன்று பேர்; கூட்டமில்லை, கூச்சலில்லை. வெறும் மூவரைக் கண்டு கலகம் என்று சொல்ல யாராலும் முடியவில்லை.

சில நாட்களுக்குள் தலைவர்களும் சிறைப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் செங்கன்னூரைச் சேர்ந்த கிறிஸ்தவ வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப். மதுரையில் தொழில் நடத்தி, குற்றப்பரம்பரைச் சட்டத்தால் நொந்த கள்ளர்களுக்காக வாதாடியவர். அம்மக்கள் அவரை ரோசாப்பு துரை என்று அழைத்தார்கள். வைக்கம் காரியத்தை இந்துக்களிடமே விட்டுவிடும்படி காந்தியடிகள் ஏப்ரல் 6ஆம் தேதி அவருக்குக் கடிதம் எழுதினார். தீண்டாமை இந்துக்களின் பாவம், அதற்கான பாடுகளை அவர்களே சுமக்க வேண்டும் என்பது காந்தியின் எண்ணம். பொதுவீதியில் நடப்பது குடிமக்களின் உரிமை, அது ஒரு மதத்தாரின் வீட்டுக் காரியமல்ல என்பது ஜோசப்பின் எண்ணம். இவ்விஷயத்தில் ஜோசப்பின் பக்கமே நியாயம் அதிகம் என்று பின்வந்த சட்டங்களைப் பார்க்கையில் சொல்லத் தோன்றுகிறது. அவரும் சிறை சென்றார்.

தலைவர்கள் சிறைப்பட்டபின் தமிழ்நாட்டிலிருந்து ஈ.வெ.ராமசாமி அழைக்கப்பட்டு வந்தார். அவர் இருமுறை சிறைவாசம் அனுபவித்தார். அவருடைய மனைவி நாகம்மையாரும், கோவை அய்யாமுத்து போன்றோரும் போராட்டத்தில் பங்குகொண்டார்கள்.

இதற்குள் அரசாங்கம் ஒரு தந்திரத்தைக் கற்றுக்கொண்டது. கைதுசெய்தால் போராட்டம் வளருகிறது என்று கண்டு, கைதுகளைக் குறைத்துவிட்டு வீதியின் குறுக்கே வேலியடைத்துப் போலீசாரை நிறுத்தியது. அறப்போராட்டத்திற்கு இதுவே கடினமான கட்டம். அடித்தால் ஊர் பார்க்கும், சிறையிலடைத்தால் பத்திரிகை எழுதும்; ஒன்றும் செய்யாமல் வேலிக்கு அப்பால் நின்றால் என்ன செய்வது? தொண்டர்கள் வேலியின் முன்னே உட்கார்ந்து இராட்டை நூற்றார்கள். வெயிலில் இருந்தார்கள். அடியாட்கள் வந்து அடித்தார்கள். சிலர் கண்களில் சுண்ணாம்பைப் பூசினார்கள். திருப்பியடித்தவரில்லை. அவ்வாண்டு மழைக்காலத்தில் கேரளம் முழுவதையும் பெருவெள்ளம் மூடியபோது, போலீசார் படகுகளில் காவலிருக்க, தொண்டர்கள் தண்ணீரில் நின்றார்கள்.

ஆகஸ்டில் மகாராஜா மூலம் திருநாள் காலமானார். அரசப் பிரதிநிதியாகப் பொறுப்பேற்ற மகாராணி சேது லட்சுமிபாயி கைதிகளை விடுவித்தார். வீதியோ திறக்கவில்லை. வீதியைத் திறந்தால் உயர்ந்த ஜாதியாரின் மனம் புண்படும் என்று அரசாங்கம் சொல்லிவந்தது. இந்தச் சொல்லைப் பொய்யாக்கினால் மட்டுமே சட்டம் அசையும் என்று போராடினவர்கள் கண்டுகொண்டார்கள். ஆகவே நவம்பர் மாதம் நாயர் சமுதாயத் தலைவர் மன்னத்து பத்மநாபன் தலைமையில் உயர்ந்த ஜாதியாரே வைக்கத்திலிருந்து திருவனந்தபுரத்திற்குக் கால்நடையாகப் புறப்பட்டார்கள். தெற்கே நாஞ்சில் நாட்டிலிருந்து டாக்டர் எம்.இ.நாயுடு தலைமையில் இன்னொரு கூட்டம் வந்தது. உயர்ந்த ஜாதியார் 25,000 பேருக்குமேல் கையெழுத்திட்ட மனு மகாராணியிடம் கொடுக்கப்பட்டது. அந்த அமைதியான மாதங்கள் சாதித்தது இதுதான்: எதிர்ப்பக்கம் இரண்டாய்ப் பிரிந்தது. ஒருவன் தலையாவது உடைக்கப்பட்டிருந்தால் அந்த 25,000 பேர் கையெழுத்திட்டிருப்பார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனாலும் 1925 பிப்ரவரியில் தோல்வியே வந்தது. திருவிதாங்கூர்ச் சட்டசபையில் என்.குமாரன் கொண்டுவந்த தீர்மானத்திற்கு ஆதரவாக 21 வாக்குகளும் எதிராக 22 வாக்குகளும் விழுந்தன. ஒரே ஒரு வாக்கு! அந்தச் சபை ஜனநாயக சபையுமல்ல. நியமன உறுப்பினர்கள் அதில் இருந்தார்கள். சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே ஓட்டு இருந்தது. வீதியில் நடக்க முடியாத புலையருக்கு அங்கே ஓட்டு ஏது?

மார்ச் மாதம் காந்தியடிகள் வைக்கம் வந்தார். எதிர்ப்பாளர்களின் தலைவரான இண்டந்துருத்தி நம்பியாதிரியின் இல்லத்திற்கே சென்று பேசினார். உயர்ந்த ஜாதியாரிடம் வாக்கெடுப்பு நடத்துவோம், நடுவர்களை வைப்போம், பண்டிதர்கள் சாஸ்திரத்தைப் பார்த்துச் சொல்லட்டும் என்று அவர் முன்வைத்த யோசனைகள் எதுவும் ஏற்கப்படவில்லை. அதன்பின் அவர் போலீஸ் கமிஷனர் பிட் என்பவருடன் கடிதமூலம் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார். அரசாங்கம் தடையுத்தரவையும் வேலியையும் எடுத்துவிடும். தொண்டர்கள் பழைய எல்லைக்கோட்டைத் தாண்டாமல் அங்கேயே நிற்பார்கள். இதைப் படிக்கிறவருக்கு விசித்திரமாய் இருக்கலாம். ஆனால் அதன் பலன் பெரிது. ஒருவரும் உள்ளே நுழையாமலே தடையுத்தரவு விழுந்துபோயிற்று. பணிந்துபோனோம் என்ற வெட்கமும் அரசாங்கத்திற்கு நேரவில்லை. சில மாதங்களுக்குப்பின் வீதிகள் திறக்கப்பட்டு, 1925 நவம்பரில் சத்தியாகிரகம் முடிவடைந்தது.

நான்கு வீதிகளும் திறக்கவில்லை, வாசகரே. மூன்றே திறந்தன. கிழக்கு வீதி உயர்ந்த ஜாதி இந்துக்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. அதுவரை அதில் நடந்த கிறிஸ்தவரும் முகமதியரும்கூட அதன்பின் அங்கே நடக்கக் கூடாதென்றாயிற்று. போராடினவர்களில் பலருக்கு இது கசப்பாகவே இருந்தது. 1928இல் திருவிதாங்கூரின் பொதுவீதிகள் எல்லாருக்கும் திறக்கப்பட்டன. 1936 நவம்பர் 12ஆம் தேதி ஆலயங்களே திறக்கப்பட்டன.

இங்கே அமெரிக்காவைச் சற்று நோக்குவது உதவும். மாண்ட்கோமரி நகரப் பேருந்துகளில் கறுப்பின மக்கள் 1955 டிசம்பர் தொடங்கி 381 நாட்கள் ஏறாமல் நடந்தார்கள். நகர நிர்வாகம் இணங்கவேயில்லை. பேருந்தில் அவமதிக்கப்பட்ட நான்கு பெண்கள் தொடுத்த வழக்கில்தான் உச்சநீதிமன்றம் 1956 நவம்பரில் அந்தப் பிரிவினைச் சட்டம் செல்லாது என்ற தீர்ப்பை உறுதிசெய்தது. மக்கள் நடந்து நடந்து காலம் கடத்தினார்கள்; வழக்கு அதற்குள் முடிந்தது. அவர்களுக்குச் சுட்டிக்காட்ட ஓர் அரசியல் சாசனம் இருந்தது. வைக்கத்தாருக்கு அது இல்லை. ஆகவே அவர்கள் மனுவையும், நடைப்பயணத்தையும், பொறுமையையும் மாத்திரம் கொண்டு ஓர் அரண்மனையை அசைக்க வேண்டியிருந்தது.

மாண்ட்கோமரியில் தலைமை தாங்கிய போதகர் மார்ட்டின் லூதர் கிங் 1959இல் திருவனந்தபுரத்திற்கு வந்தார். அங்கே தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் தம்மை அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தியதாகவும், முதலில் தமக்கு அதிர்ச்சியும் வருத்தமும் உண்டாயிற்று என்றும், யோசித்தபின் அது உண்மையே என்று உணர்ந்ததாகவும் அவரே பின்னர் ஒரு பிரசங்கத்தில் சொன்னார்.

அதற்குள் நம் தேசத்தின் சாசனமும் எழுதப்பட்டுவிட்டது. 1950 ஜனவரி 26 முதல் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவோ கடைகளையும் கிணறுகளையும் குளங்களையும் பெயர்சொல்லிக் குறிப்பிட்டு, சாலைகளையும் அதே வரிசையில் சேர்த்தது. அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் சாலையில் ஜாதி, மதம், இனம் காரணமாக ஒருவரையும் தடுக்கலாகாது. 1924இல் வைக்கத்தில் கேட்ட அதே கேள்வி அங்கே பதிலாய் எழுதப்பட்டிருக்கிறது. மீறுகிறவர்களுக்குத் தண்டனை விதிக்கும் சட்டம் 1955இல் வந்தது.

காந்தியடிகள் சென்று பேசிய அந்த இண்டந்துருத்தி மனை இன்றும் வைக்கத்தில் இருக்கிறது. பின்னாளில் அது கைமாறி, கள்ளிறக்கும் தொழிலாளர் சங்கத்தின் அலுவலகமாயிற்று. கள்ளிறக்குவது ஈழவரின் பரம்பரைத் தொழில்.