இணைகரமும் இரு குத்துயரங்களும்

கசதப என்பது ஓர் இணைகரம். அதில் கச என்னும் பக்கம் 10 செ.மீ.; கப என்னும் பக்கம் 6 செ.மீ.; அவற்றுக்கு இடைப்பட்ட கோணம் 30°. பரப்பளவு 10 × 6 = 60 ச.செ.மீ. என்று சிலர் விடை எழுதுவர். அது செவ்வகத்திற்கே பொருந்தும். இணைகரத்தில் பக்கம் சாய்ந்து நிற்பதால், அதன் நீளம் உயரம் ஆகாது.

'ப' என்னும் முனையிலிருந்து கச பக்கத்திற்குச் செங்குத்துக்கோடு வரைக. ஒரு செங்கோண முக்கோணம் தோன்றும். அதன் கர்ணம் 6 செ.மீ. 30° கோணத்தின் எதிர்ப்பக்கம் கர்ணத்தில் பாதியாதலின், குத்துயரம் 3 செ.மீ. ஆகவே, பரப்பளவு 10 × 3 = 30 ச.செ.மீ. இதனையே 10 × 6 × சைன் 30° என்றும் எழுதுவர்.

இனி, கப பக்கத்தை அடிப்பக்கமாகக் கொள்வோம். 'ச' முனையிலிருந்து வரையும் செங்குத்துக்கோடு அப்பக்கத்தின்மேல் விழாது. பக்கத்தை 'ப' முனைக்கு அப்பால் நீட்டினால், அந்நீட்சியின்மேல் விழும். இங்குக் கர்ணம் 10 செ.மீ.; குத்துயரம் 5 செ.மீ. பரப்பளவு 6 × 5 = 30 ச.செ.மீ. முன்னர்க் கண்ட விடையே கிடைத்தது.

நீண்ட பக்கத்திற்குக் குறுகிய குத்துயரமும், குறுகிய பக்கத்திற்கு நீண்ட குத்துயரமும் உரியன. இவற்றை மாற்றி 10 × 5 எனப் பெருக்கினால் விடை பிழைபடும்.

பயிற்சி: பக்கங்கள் 12 செ.மீ., 8 செ.மீ.; இடைப்பட்ட கோணம் 30°. இரு குத்துயரங்களையும் கண்டு, பரப்பளவை இருவழியிலும் சரிபார்க்க.